ஆடிட்டர் மாமாவின் கூட்டல்

எங்கள் குடும்பத்தில் ஒரு ஆடிட்டர் உண்டு. அவர் ஆடிட்டருக்குப் படித்ததில்லை. முப்பது வருஷம் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர் பார்த்தார். நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாவற்றையும் எண்ணி எண்ணி வைத்ததில் கணக்கு தன் கைக்குள் அடங்கிவிட்டது என்று ஒருநாள் அவருக்கே தோன்றிவிட்டது. அன்றிலிருந்து அவர் ஆடிட்டர் மாமா. என் அக்காவின் புருஷன்.

நான் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரு அறை எடுத்து, வருமான வரி தாக்கல் செய்து கொடுப்பதையே தொழிலாக வைத்துப் பிழைக்கிறவள். வாசலில் போர்டு இருக்கிறது. அதில் என் படிப்பும் எழுதியிருக்கிறது. ஆனாலும் என் சொந்த அக்காவின் வரியை வருஷா வருஷம் மாமாதான் தாக்கல் செய்வார். "வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்" என்பார். நான் என்னவோ அடுத்த கிரகத்திலிருந்து வந்தவள் மாதிரி.

அப்படிப்பட்டவர் அந்த வெள்ளிக்கிழமை மதியம் அக்காவை முன்னால் விட்டு, தன் நீல ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு என் மாடிப்படி ஏறி வந்தார். அவர் வந்ததே எனக்கு ஆச்சரியம். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஆச்சரியம் போய் பயம் வந்துவிட்டது. அழுது முடித்த முகம்.

"நாளைக்குக் கடைக்காரர்கிட்ட அட்வான்ஸ் கொடுக்கணும்டி" என்றாள். "ஐம்பதாயிரம். இவர் முடியாதுங்கறார்."

அந்தக் கடை எனக்குத் தெரியும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், ஷட்டர் போட்ட சின்ன இடம். அக்கா ஒரு துணி ஆலையில் தையல் பிரிவு சூப்பர்வைசர். இருபத்திரண்டு மெஷின்களை மேய்க்கிறாள். சொந்தமாக மூன்று மெஷின் போட்டுத் தையல் கடை வைக்க வேண்டும் என்பது அவள் நெடுநாள் ஆசை. அதற்காகத் தன் சேமிப்பில் ஐந்து லட்சத்தை வங்கியில் ஐந்து வருஷ டெபாசிட்டாகப் போட்டு வைத்திருந்தாள். போன நிதியாண்டின் கடைசி நாளில் அது முதிர்ந்துவிட்டது. நாளைக்குள் அட்வான்ஸ் தராவிட்டால் அந்த இடம் பக்கத்துச் செல்போன் கடைக்குப் போய்விடும்.

"முடியாதுன்னு நான் சொல்லல" என்றார் மாமா. "வரி சொல்லுது. ஐம்பத்தஞ்சாயிரத்து எழுநூத்தஞ்சு. முதிர்ந்து வந்த பணம் மெஷினுக்கும் துணிக்குமே சரியாப் போயிடும். அதுக்கு மேல வரியையும் கட்டிட்டு அட்வான்ஸும் கொடுக்க நம்ம வீட்டுல என்ன காசு காய்க்கிற மரமா இருக்கு?"

"அவ்வளவு எப்படி மாமா வரும்?"

அவர் காத்துக்கொண்டிருந்த கேள்வி அதுதான். ஃபைலைத் திறந்து, வங்கி கொடுத்த வட்டிச் சான்றிதழை என் மேசையில் வைத்தார். பக்கத்தில் தன் கைக்கணக்கை வைத்தார். கீழே இரண்டு கோடு இழுத்து, சிவப்பு மையில் விடை. ஸ்டோரில் சரக்குக் குறைந்தாலும் இப்படித்தான் கோடு இழுத்திருப்பார்.

"இதோ பாரும்மா. வழங்கிய வட்டி, ரெண்டு லட்சத்து ஏழாயிரத்து முந்நூத்து எண்பத்தொன்பது. அதுக்குப் பக்கத்துக் கட்டத்துல சேர்ந்த வட்டி, நாப்பத்தேழாயிரத்து நானூத்து இருபத்துநாலு. ரெண்டையும் கூட்டு. அவளுக்கு வரி இருபது சதவீதம். அது ஐம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூணு. கடைசிக் கட்டத்துல பிடித்த வரின்னு ஒரு நாலாயிரத்து எழுநூத்து நாப்பத்திரண்டு இருக்கு, அதையும் கூட்டியாச்சு."

"எதுக்கு மாமா கூட்டினீங்க?"

"கட்டம் போட்டிருக்கான்ல. கூட்டறதுக்குத்தானே போடறான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் முதலில் வாசலைத் தட்டியது. தாளில் பத்துக் கட்டம் இருந்திருந்தால் மனிதர் பத்தையும் கூட்டி, அக்காவின் கணக்கு எண்ணையும் சேர்த்துக் கூட்டியிருப்பார். அந்தத் தெருவையே வாங்கும் அளவுக்கு வரி வந்திருக்கும்.

"கடைசிக் கட்டம் நீங்க கட்டவேண்டியது இல்ல மாமா" என்றேன். "வங்கி ஏற்கெனவே அக்காவோட சேமிப்புக் கணக்குல இருந்து எடுத்து அரசாங்கத்துக்குக் கட்டிட்டது. அதை மொத்த வரியில கழிக்கணும். நீங்க கூட்டியிருக்கீங்க."

"சரி, ஒரு நாலாயிரம். அதை விடு." மாமா கையை வீசினார். "மத்தது?"

மற்றதுதான் விஷயம். நான் சான்றிதழை என் பக்கம் இழுத்து மேலிருந்து படித்தேன். மேலே நிதியாண்டு. அதன் கீழே முதல் பெயர், அக்கா. இரண்டாவது பெயர், மாமா. பிறகு டெபாசிட் எண், அசல், வட்டி விகிதம். வட்டியை முதிரும்போது மொத்தமாகத் தரும் வகை என்று ஒரு வரி.

"அக்கா, இந்த டெபாசிட்ல அஞ்சு வருஷமா உன் கைக்கு வட்டி ஏதாவது வந்துதா?"

"ஒத்தக் காசு வரல. வரி மட்டும் வருஷா வருஷம் பிடிச்சாங்க. இவர்கிட்ட கேட்டா உனக்குப் புரியாதும்பார்."

"கைக்கு வரல. ஆனா ஒவ்வொரு வருஷமும் வட்டி உருவாகி அசலோட சேர்ந்துகிட்டே இருந்தது. அந்தந்த வருஷத்துல உருவானதுதான் சேர்ந்த வட்டி. இந்த வருஷம் டெபாசிட் முடிஞ்சதால அஞ்சு வருஷத்தையும் மொத்தமா கையில கொடுத்துட்டாங்க. அதுதான் வழங்கிய வட்டி. இந்த ரெண்டு லட்சத்து ஏழாயிரத்துக்குள்ளேயே அந்த நாப்பத்தேழாயிரமும் இருக்கு. ரெண்டையும் கூட்டினா ஒரே வட்டிக்கு ரெண்டு தடவை வரி."

மாமா தன் கோடுகளைப் பார்த்தார். கோடுகள் மாறவில்லை.

"அப்ப ரெண்டு லட்சத்து ஏழாயிரத்துக்குக் கட்டணும்" என்றார். குரலில் ஒரு நிம்மதி. "நாப்பத்தோராயிரத்துச் சொச்சம். வங்கி பிடிச்சது போக முப்பத்தாறு, முப்பத்தேழாயிரம். கடை வேணும்தான், ஆனா வழியில்ல பாரு."

நிம்மதி எதற்கு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். முந்தைய நான்கு வருஷங்களில் சேர்ந்த வட்டியை இவர் காட்டாமல் விட்டிருந்தால் இந்த வருஷம் பெரிய தொகைதான், வரியும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். விவரம் தெரியாமல் அக்காவுக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டேனோ என்று சான்றிதழை மறுபடி ஒருமுறை பார்த்தேன்.

"மாமா, போன நாலு வருஷத்துத் தாக்கல் காகிதம் இருக்கா?"

"என்கிட்ட இல்லாத காகிதமா?" ஃபைலைப் புரட்டினார். அந்த மனிதர் துவைத்துக் காயப்போட்ட சட்டையின் பில்லைக்கூட வைத்திருப்பார். நான்கு வருஷத்துத் தாக்கலும் பின்குத்தி, தேதிப்படி இருந்தது. நான் வட்டி வருமானம் என்ற இடத்தை மட்டும் பார்த்தேன். முப்பத்தைந்தாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. அடுத்த வருஷம் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். பிறகு நாற்பத்தோராயிரம், நாற்பத்துநாலாயிரம். ஒவ்வொரு வருஷமும் சேர்ந்த வட்டிக் கட்டத்தில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தார். பிடித்த வரியையும் அந்தந்த வருஷமே சரியாகக் கழித்திருந்தார்.

"நாலு வருஷம் சரியா கழிச்சிருக்கீங்களே மாமா. இந்த வருஷம் மட்டும் எப்படிக் கூட்டல் ஆச்சு?"

"அப்பல்லாம் வழங்கிய கட்டத்துல பூஜ்யம் இருந்தது. இந்தத் தடவை ரெண்டுலயும் எண் வந்துடுச்சு. அதனால எல்லாத்தையும் முதல்லேர்ந்து யோசிச்சேன்."

யோசித்ததுதான் தப்பாகிவிட்டது. நான் கால்குலேட்டரில் நான்கு வருஷத்தைக் கூட்டினேன். ஒரு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து. இந்த வருஷத்து நாற்பத்தேழாயிரத்தைச் சேர்த்தேன். சான்றிதழில் இருந்த வழங்கிய வட்டி, ஒரு காசு குறையாமல் திரையில் நின்றது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. திரையை அக்கா பக்கம் திருப்பினேன்.

"நாலு வருஷத்துக்கும் வரி கட்டியாச்சு. மிச்சம் இந்த வருஷத்து நாப்பத்தேழாயிரம் மட்டும்தான். கீழ சேமிப்புக் கணக்கு வட்டின்னு ஆயிரத்து முந்நூத்துப் பதினெட்டு இருக்கு. அதுல வங்கி வரி பிடிக்கல, ஆனா அதுவும் வருமானம்தான், மாமா அதைப் பார்க்கல. எல்லாம் சேர்த்து, பிடிச்ச வரியைக் கழிச்சா நீ கட்டவேண்டியது ஐயாயிரத்து ஆறு."

"ஐயாயிரமா" என்றாள் அக்கா. அதை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "ஐயாயிரம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் மாமா. "நான் வருஷா வருஷம் காட்டினதாலதானே இன்னிக்கு இது ஐயாயிரம்."

அது உண்மைதான். அதற்காக அவரை மெச்சலாம் என்றுகூட நினைத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"ஆனாலும் அந்த இடம் சரியில்ல" என்றார். "மழை பெஞ்சா வாசல்ல தண்ணி நிக்கும். பஸ் நிறுத்தத்தை வேற எப்ப வேணா மாத்திடுவான். இந்த வயசுல கடையைத் திறந்து மூடறதெல்லாம் ஆகற காரியமா? சம்பளம் வருது, அதைப் பார்த்தா போதாதா?"

அக்கா அவரையே பார்த்தாள். அவர் முன்பு மூச்சுவிட்ட நிம்மதி அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நேத்து ராத்திரி பூரா வரி, வரின்னீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "நானும் வரிக்குத்தான் அழுதேன். வரி போயிட்டது. இப்ப மழைத்தண்ணி வந்துட்டது. அதுவும் வடிஞ்சா வேற ஒண்ணு வரும். உங்களுக்கு நான் கடை போடறதே பிடிக்கல. அதைச் சொல்ல வாய் வராம வங்கிக்காரன் மேல பழியைப் போட்டீங்க."

"நான் எதுக்குப் பிடிக்கலன்னு..."

"இந்தத் தாள்ல எவ்வளவு கட்டம் இருக்கு. உங்க சம்மதம்னு ஒரு கட்டம் இருந்தா காட்டுங்க, அதையும் கூட்டிக்கறேன்."

மாமா தன் கைக்கணக்குத் தாளை எடுத்து மடித்தார்.

அக்கா செல்போனை எடுத்துக் கடைக்காரரை அழைத்தாள். காலையில் பத்து மணிக்கு வருவதாகவும் ரசீது தயாராக வைக்கும்படியும் சொன்னாள். இருபத்திரண்டு மெஷினை ஓட்டுகிறவளின் குரல் அது. வீட்டில் நான் கேட்டதில்லை.

போனை வைத்ததும் மாமா தொண்டையைக் கனைத்தார். "சரி. கடைக் கணக்கை யார் எழுதறது? நான் வேணா..."

"தங்கச்சி எழுதுவா" என்றாள் அக்கா.

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்திருக்க வேண்டும். இத்தனை வருஷக் கோபத்துக்கு அது கடைசி வட்டியும் அசலும். ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்தேன், பாவமாகப் போய்விட்டது. ஆடிட்டர் என்ற பெயரைத் தவிர அந்த மனிதரிடம் வீட்டில் வேறு பதவி கிடையாது.

"ஃபைல்ல போட்டு வைக்கணும்" என்று அவர் சான்றிதழுக்காகக் கையை நீட்டினார்.

அக்கா அதற்குள் அதை எடுத்து மடித்துவிட்டாள். தன் கைப்பையைத் திறந்து, சம்பளச் சீட்டுக்கும் அளவு நாடாவுக்கும் நடுவில் செருகி ஜிப்பை இழுத்தாள். மாமா நீல ஃபைலைத் திறந்து வைத்தபடி இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.