தெற்கு ஜன்னலில் வெயில்

பூமத்திய ரேகைக்குத் தெற்கே, புலவாயோ நகரில் அறைகலன் கடை ஒன்றில் மெலுசியின் வேலை, இல்லாத அறைகளை வர்ணிப்பது. அவன் வர்ணித்தால் கணினி படம் போடும். படத்தைப் பார்த்து வாடிக்கையாளர் சோபா வாங்குவார். வாடிக்கையாளர் சினிகிவே அக்காவின் புது வீட்டுக்கு இப்படித் தட்டினான்: "எளிமையான நவீன பாணி. தேக்குத் தரை, பருத்தித் துணி போட்ட சாய்வு நாற்காலி, கற்றாழை நார் விரிப்பு. தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல், நாற்காலி முழுக்க வெயில்."

கடைசி வரி வெளிநாட்டுப் பாடம் ஒன்றிலிருந்து சுட்டது. அங்கே வெயில் தெற்கிலிருந்து வருமாம். வீட்டு வரைபடத்தில் ஜன்னல் நிஜமாகவே தெற்கில் இருந்ததால், தன் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டான்.

நாற்காலி அக்காவின் அப்பா நிக்கோடெமஸுக்கு. நுரையீரல் போய்விட்டது, மருத்துவமனை கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எந்நேரமும் குளிர். படத்தைக் காட்டியதும், பல வாரங்களுக்குப் பிறகு அவர் ஒன்று கேட்டாராம்: "எப்ப வருது அந்த நாற்காலி?"

ஜூன் மாதக் குளிர்காலத்தில், ஒரு காலை நாற்காலி வந்தது. அக்காவும் மெலுசியும் பெரியவரைத் தூக்கிவந்து உட்கார்த்தினார்கள். ஜன்னலில் வானம் பளீரென்று இருந்தது. அறைக்குள் பிணவறைக் குளிர்.

"வெயில் எங்க தம்பி?" என்றாள் அக்கா. "மத்தியானம் வருமா?"

'வரும்' என்று சொல்லிவிட்டு நழுவ மெலுசிக்கு நன்றாகத் தெரியும். தொழிலே அதுதான். ஆனால் பெரியவர், நாற்காலியில் படத்தின்படி வெயில் விழ வேண்டிய இடத்தில் கையை வைத்துக் காத்திருந்தார்.

"வராதுக்கா. நம்ம ஊர்ல குளிர்காலச் சூரியன் வடக்கால போகும். நான் தப்பா எழுதிட்டேன். இந்த ஜன்னலுக்கு உச்சி வெயில் டிசம்பர்லதான் எட்டிப்பாக்கும்."

"டிசம்பரா?" பெரியவர் சிரிக்கப் போய் இருமினார். "ஏன்டா, எனக்கு அவ்வளவு தவணை குடுத்திருக்கியா? டாக்டரே குடுக்கலடா."

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். திட்டியிருக்கலாம்.

வடக்கில் சமையலறை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் அகலக் கைகள் வாசலில் முட்டின. படத்தில் வாசலே இல்லை. பெரியவரை மட்டும் தூக்கிப்போய், பாத்திரத் தொட்டியருகே முக்காலியில் உட்காரவைத்தார்கள். விழாமலிருக்க மெலுசி முதுகைத் தாங்கிக்கொண்டான். கையில் எலும்புகள்தான் தட்டுப்பட்டன.

வெயில் அவர் பாதங்களில் விழுந்தது. அக்கா மண்டியிட்டுக் காலுறைகளைக் கழற்றினாள்.

"சூடா இருக்காப்பா?"

"இருக்கு." கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு இழுத்தது.

"போதும்மா," என்றார் உடனேயே. "உக்கார முடியல. படுக்கவை."