மஞ்சள் ஏறாத வரி

சோமசேகரன் சார் என் மேல் கையை ஓங்குவது ஒன்றுதான் பாக்கி. எங்கள் அலுவலகத்தின் கண்காணிப்பாளர் அவர். மழையில் மூழ்கிய நெல்லுக்கான நிவாரணப் பட்டியலைத் தட்டச்சு செய்யும் ஒப்பந்தப் பணியாளர் நான். என் ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டிக்கும் கோப்பு கையெழுத்தில்லாமல் அவர் மேசையில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே திட்டு வாங்குவது தனிக் கொடுமை.

"என்னா வெண்மதி இது? நேத்து நான் சரிபாத்து குடுத்த குரும்பகரம் ஊரு லிஸ்ட்டு. இன்னைக்கு எரநூறு வரியை மாத்தி வச்சிருக்க!"

திரையில் பதினைந்தாம் வரியிலிருந்து கடைசி வரை ஒரே மஞ்சள். நேற்று அவர் கொடுத்த பழைய எக்செல் தாளையும் இன்றைய புதிய தாளையும் ஒப்பிட்டு, மாறிய வரிக்கு மஞ்சள் அடிக்கும் மேக்ரோ என்ற குட்டி நிரலை எழுதியதே நான்தான். நான் வைத்த பட்டனை அவர் அமுக்கி, என்னையே பிடித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ஒரு எழுத்தைக்கூட மாத்தலீங்க சார்."

"அப்ப மஞ்சள் தானா ஏறிச்சா? யாருக்குச் சாதகமா மாத்துன?"

வாசலில் குரும்பகரம் காசியம்மா வேறு. தன் பெயர் பட்டியலில் இல்லை என்று மூன்றாவது நாளாக வந்து நின்றார். முதல் நாளே அவர் கண் முன்னால் பெயரைப் போட்டுத் தேடிக் காட்டினேன். காசியம்மா, கணவர் காத்தமுத்து என்று வந்தது. "பேரு இருக்குங்க, போங்க" என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. நேற்று சத்தம் போட்டே அனுப்பினேன்.

"செத்த இருங்க" என்று அவரிடம் எரிந்து விழுந்துவிட்டு மேக்ரோவின் நிரலைத் திறந்தேன். பார்த்ததுமே புரிந்தது. பழைய தாளின் பதினைந்தாம் வரியைப் புதிய தாளின் பதினைந்தாம் வரியோடு மட்டுமே ஒப்பிடும்படி எழுதியிருந்தேன். இடையில் ஒரு வரி நகர்ந்தாலும் அதற்குக் கீழே உள்ள எல்லாமே மாறியதாகத் தெரியும். வரி எண்ணை விட்டுவிட்டு, விண்ணப்ப எண்ணைத் தேடிப் பிடித்து ஒப்பிடும்படி மாற்றினேன். சார் என் தலைக்கு மேலேயே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

பட்டனை அமுக்கினேன். ஒரு வரிகூட மஞ்சளாகவில்லை.

"பாத்துக்குங்க சார். யாருக்குச் சாதகமா மாத்துனேன்? இப்ப சொல்லுங்க!"

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சார் முகம் சுண்டிப்போனது. என் ஒப்பந்தக் கோப்பை இழுத்துக் கையெழுத்துப் போட்டு, என் மேசையில் வீசினார். மன்னிப்புக் கேட்காவிட்டால் போகட்டும் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

காசியம்மா உள்ளே வந்து விண்ணப்ப ரசீதை என் முன் வைத்தார். "பேரைப் பாக்காத. இந்த நம்பரைப் பாரு."

அவர் வாயை அடைக்கத்தான் புதிய தாளில் எண்ணைத் தேடினேன். இல்லை. பழைய தாளில் தேடினேன். இருந்தது. பதினைந்தாம் வரி.

என் மேக்ரோ புதிய தாளின் வரிகளை மட்டுமே சுற்றி வருகிறது. அழிந்துபோன வரிக்கு எங்கே மஞ்சள் அடிக்கும்? அவசரமாகப் பழைய தாளைச் சுற்றிவரும்படி நிரலில் நாலு வரி சேர்த்தேன். புதியதில் இல்லாத எண்ணுக்குச் சிவப்பு என்று போட்டேன். ஒரே ஒரு வரி சிவந்தது.

காசியம்மா, கணவர் காத்தமுத்து, குரும்பகரம். அதே பெயர், அதே கணவர் பெயர், ஒன்பதாம் வரியிலும் இருந்தது. விண்ணப்ப எண் மட்டும் வேறு.

"அது தெக்குத் தெரு காசியம்மா" என்றார் அவர். "நான் மேலத் தெரு."

நேற்று சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், இரண்டு முறை வந்த பெயர்களை நீக்கும் கட்டளையைக் கொடுத்திருந்தேன். விண்ணப்ப எண்ணையும் பார் என்று டிக் வைக்காததால், பெயர்கள் ஒத்திருந்ததை வைத்தே இரண்டு பேரையும் ஒரே ஆளாக எடுத்துக்கொண்டது. ஒரு வரி நீக்கப்பட்டது என்று திரை சொன்னதைப் படிக்காமலே ஓகே கொடுத்துவிட்டு எழுந்தேன்.

ஆனால் அவர் வருவதோ மூன்று நாளாக. அப்படியென்றால் போன வாரம் மின்னஞ்சலில் கிராம அலுவலகத்துக்கு அனுப்பிய முதல் பட்டியலிலும் இதையேதான் செய்திருக்கிறேன். நேற்று சார் அதைச் சரிபார்த்து, விடுபட்ட வரியைச் சேர்த்துக் கொடுத்தார். நான் திரும்பவும் நீக்கியிருக்கிறேன்.

"யாரு எடுத்தது?" சார் குரல் தாழ்ந்திருந்தது. அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

"நான்தாங்க சார்." கோப்பை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் அதைத் தொடவில்லை. காசியம்மாதான் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எடுத்ததும் நீ, இருக்குன்னு சொன்னதும் நீ, சத்தம் போட்டு வெரட்டுனதும் நீயா?"

சிவப்பு வரியை நகலெடுத்துப் புதிய தாளில் சேர்த்தேன். பட்டனை அமுக்கினேன். இந்த முறை அந்த ஒரு வரி மட்டுமாவது கண்ணில் பட வேண்டும் என்று இருந்தது. பழையதும் புதியதும் ஒத்துப்போய்விட்டதால் தாள் முழுக்க வெள்ளையாகவே நின்றது.