பேராசிரியையின் அனுமதியுடன்

தடதடவென்று அதிர்ந்தது பழைய நகல் இயந்திரம். ஓஸ்தோயாவின் கடையில் அது ஓடினால் தெரு முனைவரை கேட்கும். ஒரு பக்கத்தை நகலெடுக்க வந்த துன்யா, தட்டில் வந்து விழும் தாள்களைத் தற்செயலாகப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முகப்பில் அவளே தட்டச்சு செய்த எழுத்துகள்: 'திராட்சைக் கொடியின் நோய்கள் – வகுப்புப் படிப்புத் தொகுப்பு. பேராசிரியை வெசெலின்காவின் அனுமதியுடன்.'

அந்த அனுமதியைக் கேட்கும் மின்னஞ்சல் இன்னும் போகவில்லை. பாதி எழுதிய நிலையில் அவள் கைப்பேசியில்தான் இருந்தது.

"ஓஸ்தோயா அண்ணே, நிறுத்துங்க. இத யாரு கொடுத்தா?"

"உங்க வகுப்புப் பையன்தான்மா. வுகாஷின். காலையிலயே கொடுத்துட்டுப் போனான்" என்றார் ஓஸ்தோயா. "நல்லா வந்திருக்கு பாரு. சுருள் கம்பி போட்டுக் கட்டச் சொன்னான், பாதிக்கு மேல கட்டியும் வச்சுட்டேன்."

நோவி சாத் நகரில், விவசாயக் கல்லூரிக்கு எதிரே இருந்தது அந்தக் கடை. பாடச் சுருக்கத்தை ஸ்கிரிப்தா என்பார்கள். தேர்வு நெருங்கினால் ஓஸ்தோயாவுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கடைச் சன்னலில் பழைய ஸ்கிரிப்தாக்கள் வரிசையாகத் தொங்கும். யாருடைய பாடம், யார் சுருக்கினார்கள் என்று எவரும் கேட்டதில்லை. கேட்டுச் செய்வோம் என்று முதலில் சொன்னவள் துன்யாதான். அதற்குக் காரணமும் இருந்தது. வரும் இலையுதிர் காலத்தில் வெசெலின்காவிடம்தான் அவள் ஆய்வுக் கட்டுரை எழுத ஆசைப்பட்டாள். அந்த அம்மாள் ஆண்டுக்கு ஒருவரைத்தான் சேர்த்துக்கொள்வார்.

கடை வாசலிலேயே வுகாஷின் பிடிபட்டான். கையில் பாதி தின்ற புரெக் என்ற அடுக்குப் பலகாரம். சட்டை முழுக்க அதன் துகள்.

"பிழை பார்க்கத்தானேடா உன்கிட்ட கொடுத்தேன்?"

"பார்த்தேனே. ஒரு பெரிய தப்பக் கண்டுபிடிச்சுத் திருத்தியும் வச்சேன். அப்புறம் முகப்புல அனுமதியுடன்னு இருந்துச்சு. சரி, வந்துருச்சுபோலன்னு கொண்டாந்து கொடுத்துட்டேன்."

"அது வந்த பிறகு தேவைப்படும்னு முன்னாடியே அடிச்சு வச்சதுடா."

"அப்போ தப்பு உன் மேலதான்" என்றான் வுகாஷின், புரெக்கை மென்றபடி. "இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? மெயிலத் தட்டி விடு. அவங்க சரின்னுவாங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

கட்டி முடித்தவற்றை உள் அறையில் பூட்டி வைக்கும்படி ஓஸ்தோயாவிடம் சொல்லிவிட்டு, துன்யா கடை ஓரத்திலேயே உட்கார்ந்து மின்னஞ்சலை முடித்தாள்.

'மதிப்பிற்குரிய பேராசிரியை அவர்களுக்கு, திராட்சை நோய்கள் பற்றிய தங்கள் விரிவுரை ஸ்லைடுகளைச் சுருக்கி, ஒவ்வொரு பகுதிக்கும் பயிற்சிக் கேள்விகள் சேர்த்து, வகுப்புத் தோழர்களுக்காக ஒரு தொகுப்பு செய்ய அனுமதி வேண்டுகிறோம். ஒவ்வொரு பக்கத்திலும் தங்கள் பெயர் இருக்கும். எங்கள் வகுப்புக்கு வெளியே கொடுக்க மாட்டோம். அச்சுச் செலவுக்கு மேல் எதுவும் வாங்க மாட்டோம். வரைவை இணைத்துள்ளேன், திருத்தவோ மறுக்கவோ தங்களுக்கு முழு உரிமை உண்டு.'

"பத்திரம் எழுதுற மாதிரி இருக்கு" என்றான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த வுகாஷின்.

"நீ சும்மா இரு."

தன்னிடம் இருந்த மூல வரைவை இணைத்து அனுப்பினாள். அச்சாகிவிட்டது என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதவில்லை.

பதில் மறுநாள் காலையில் வந்தது. ஒரே வரி. 'பதினொரு மணிக்கு என் அறைக்கு வா. உதவி செய்தவரையும் கூட்டிக்கொண்டு வா.'

"பார்த்தியா, பாராட்டத்தான் கூப்பிடுறாங்க" என்றான் வுகாஷின். அன்றைக்குத் தலைகூட வாரியிருந்தான்.

வெசெலின்காவின் அறையில் எங்கு பார்த்தாலும் காய்ந்த திராட்சை இலைகள். மேசைமேல் துன்யா அனுப்பிய வரைவு இருந்தது. அதன் பக்கத்தில், சுருள் கம்பி போட்டுப் பளபளவென்று, ஓஸ்தோயா கடைத் தொகுப்பு.

துன்யாவின் கண் நேராக அதன் முகப்பு வரிக்குப் போனது.

"உக்காருங்க" என்றார் வெசெலின்கா. "நேத்து சாயங்காலம் என் கேள்வித்தாள நகலெடுக்க ஓஸ்தோயா கடைக்குப் போனேன். மனுஷன் வாயெல்லாம் பல்லா வந்து, 'மேடம், நீங்க அனுமதி கொடுத்த புத்தகம் ரொம்ப நல்லா வந்திருக்கு'ன்னு உள் அறையிலேருந்து ஒண்ண எடுத்துக் கொடுத்தார். நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டுக்குப் போய்ப் பார்த்தா அனுமதி கேட்டு உன் மெயில். எனக்கே தெரியாம நான் ரொம்ப வேகமா வேலை செய்யறேன்போல."

"மேடம், மெயில் போறதுக்கு முன்னாடியே அச்சாயிடுச்சு" என்றாள் துன்யா. "நேத்து மெயில்லயே அதச் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். முகப்புல அந்த வரிய அடிச்சதும் நான்தான்."

வெசெலின்கா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு இரண்டையும் பூஞ்சைக்குத் தெளிக்கும் மருந்து பற்றிய பக்கத்தில் திறந்து, அருகருகே வைத்தார்.

"போர்டோ கலவை. உன் வரைவுல, மயில் துத்தக் கரைசல சுண்ணாம்புப் பால்ல ஊத்தணும்னு இருக்கு. அச்சுல, சுண்ணாம்பத் துத்தத்துல ஊத்தணும்னு இருக்கு. மாத்தினது யாரு?"

வுகாஷின் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நான்தான் மேடம். இவ தலைகீழா எழுதியிருந்தா. உங்க ஸ்லைட எடுத்து வச்சு, ஒவ்வொரு வரியா ஒப்பிட்டுத் திருத்தினேன்."

"ஒவ்வொரு வரியாவா?"

"ஆமா மேடம். உங்க பேரு போட்ட புத்தகத்துல தப்பு வரக்கூடாதுல்ல."

வெசெலின்காவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. "துன்யா, நீ ஏன் மாத்தி எழுதின?"

துன்யா தரையைப் பார்த்தாள். "நீங்க வகுப்புல சொன்னீங்க மேடம். அந்த ஸ்லைடுல வேணும்னே தப்பாப் போட்டிருக்கேன், அப்படி ஊத்தினா கலவை திரிஞ்சு அடியில தங்கும், தெளிப்பான் அடைச்சுக்கும், வந்திருக்கிறவங்க குறிச்சுக்குங்கன்னு."

"வருஷா வருஷம் அப்படித்தான் வைக்கிறேன்" என்றார் வெசெலின்கா. "வாய்மொழித் தேர்வுல முதல் கேள்வியே அதுதான். வகுப்புக்கு வந்தது யாரு, கடையில வாங்கினது யாருன்னு ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுடும்."

வுகாஷின் காய்ந்த இலைகளை உற்றுப் பார்க்கத் தொடங்கினான்.

"அனுமதி தர்றேன்" என்றார் அவர். "ஆனா பாரு, இந்த ரெண்டு புகைப்படம் என்னோடது இல்ல, வேற ஒரு புத்தகத்துல இருந்து எடுத்தது. வகுப்புல காட்டறதுக்கு எனக்கு உரிமை இருக்கு. உங்களுக்குக் கொடுக்கறதுக்கு இல்ல. அதைப் பதிப்பகத்துக்கிட்ட கேக்கணும், இல்லன்னா எடுத்துடணும். மத்தபடி நீ எழுதின நிபந்தனை எல்லாம் அப்படியே இருக்கட்டும். இன்னிக்கே பதில் மெயில்ல போட்டுத் தர்றேன், பத்திரமா வச்சுக்க."

"அச்சானது எல்லாம் மேடம்?" என்று மெல்லக் கேட்டாள் துன்யா.

"ஏன் வீணாக்கணும்? ஒவ்வொண்ணுலயும் அந்த ரெண்டு படத்த வெட்டி எடுத்துட்டு, போர்டோ வரிய இவர் தன் கையால திருத்தட்டும். ஒவ்வொரு வரியா ஒப்பிடறதுல கெட்டிக்காரர்தானே. வியாழக்கிழமை என் வகுப்புல எழுந்து நின்னு, எதை எதுல ஊத்தணும், ஏன்னு எல்லாருக்கும் விளக்கட்டும்."

துன்யா எழுந்தாள். கதவருகே போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இலையுதிர் காலத்துல ஆய்வுக்கு வரணும்னு உனக்கு ஆசைன்னு கேள்விப்பட்டேன். வா. ஆனா நான் சரின்னு சொல்றதுக்கு முன்னாடி முகப்ப அடிச்சுடாத."

நடைபாதைக்கு வந்ததும் துன்யாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வுகாஷின் சிரிக்கவில்லை. மாடிப்படி வரை கூடவே வந்தான். அங்கே நின்று, சுற்றும்முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினான்.

"துன்யா, கோவிச்சுக்காத. அவங்க வகுப்பு எந்த அறையில நடக்குது?"