செல்ஃபியில் இருந்த துப்பட்டா

வயல்களில் எரிவாயுக் குழாய் பதிப்பதை எதிர்த்த மறியலில் மருதையனின் மண்டை உடைந்தபோது, கல்லூரிப் பெண் யாழினி தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டுப்போட்டாள். அதேபோல ஒரு துப்பட்டாவை அவளுக்கு வாங்கித் தராமல் அவன் மனைவி செவ்வந்திக்கு மனம் ஆறவில்லை. மறியலன்று காலையில் யாழினி தன்னோடு எடுத்த செல்ஃபியை செவ்வந்தி நன்னிலம் ஜவுளிக்கடையில் காட்டினாள்.

கடைக்கார வள்ளியம்மை படத்தைப் பெரிதாக்கினாள். "கட்டிங்கும் மாங்காய் பிரிண்டும் 'தாழை' கம்பெனி மாதிரிதான். ஆனா அவங்க லேபிளை சுடிதார் டாப்போட இடுப்புல இடப்பக்கம் தைப்பாங்க. இதுல வலப்பக்கம்ல இருக்கு? எழுத்தும் புரியல."

செவ்வந்தி உற்றுப் பார்த்தாள். "அக்கா, எனக்கு மூக்குத்தி வலப்பக்கம். படத்துல இடப்பக்கம் இருக்கே?"

"அட, செல்ஃபி மாத்திக் காட்டுது!"

படத்தை இடவலமாகத் திருப்பியதும் லேபிளில் 'தாழை' என்று தெளிவாகத் தெரிந்தது. வள்ளியம்மை அந்த செட்டை எடுத்துப் பையில் போட்டாள்.

"எங்க வயலுக்கும் சேர்த்துத்தானே உன் வீட்டுக்காரர் அடி வாங்குனாரு. காசு வேணாம், கொண்டுபோய்க் குடும்மா."