வரிக்குதிரை

என் நாத்தனாருக்கு ஆபீஸில் வரிக்குதிரை என்று பெயர் வைத்தது எங்கள் டீம் லீட்தான். லீடுக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. தினமும் கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வருவான். அவன் எழுதும் ஸ்கிரீனும் அப்படித்தான் இருக்க வேண்டும் அவனுக்கு. ஒரு சுருக்கம் தெரியக் கூடாது.

நாங்கள் செய்வது மொபைல் ஆப். எழுதுகிறவர்கள் அவர்கள், குறை கண்டுபிடிக்கிற டெஸ்டர் நான். குறை சொல்வதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களா என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை ஆச்சரியப்படுகிறார். வீட்டில் இலவசமாகக் கேட்டுப் பழகிவிட்டார்.

ஆப் எழுதும்போது ஒவ்வொன்றையும் ஒரு பெட்டிக்குள் வைப்பார்கள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் எழுத்து, பட்டன், படம். உள்ளே இருப்பது வெளிப்பெட்டியைவிடப் பெரிதாகப் போனால், வழிகிற ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமாகச் சாய்ந்த பட்டைகள் வந்து நிற்கும். ரோட்டில் பள்ளம் தோண்டினால் குறுக்கே கட்டுவார்களே, அதே பட்டை. எத்தனை பிக்ஸல் வழிகிறது என்று பக்கத்திலேயே எழுதியும் காட்டும். நாங்கள் வேலை செய்யும் பதிப்பில் மட்டும்தான் இது வரும். ப்ளே ஸ்டோரில் போடுகிற பதிப்பில் பட்டை வராது. வழிவது மட்டும் வழிந்துகொண்டே இருக்கும்.

மாப்பிள்ளை ஒரு வழக்கம் வைத்திருந்தான். வாரக் கூட்டத்தில் சுவரில் ஸ்கிரீனைப் போட்டுக் காட்டும்போது யாருடையதில் பட்டை தெரிகிறதோ, அவர்தான் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். என் நாத்தனார் வந்த நாளிலிருந்து வேறு யாரும் டீ வாங்கவில்லை. அவள் வேலை தெரியாதவள் இல்லை. போனில் எழுத்தின் அளவைக் கடைசி வரைக்கும் பெரிதாக்கி வைத்துக்கொண்டுதான் எழுதுவாள். எழுத்து பெருத்தால் பெட்டி தாங்காது, பட்டை வரும். வந்த பட்டையை ஒவ்வொன்றாகச் சரி செய்வாள். கூட்டத்துக்குள் எல்லாம் முடிந்திருக்காது. சிரித்துக்கொண்டே போய் டீ வாங்கி வருவாள்.

அவள் சிரித்தாள், எனக்குத்தான் மானம் போனது. அவளைச் சேர்த்துவிட்டது நான். இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, எட்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனதும் பழைய படிப்பைத் தூசி தட்டிப் புதிதாக ஒன்றையும் கற்றுக்கொண்டு வந்தவள். சோதனைக் காலம் முடிகிற மாதம் அது. ஒரு கண் ஆஸ்பத்திரிக்குச் செய்துகொண்டிருந்த ஆப்பின் டெமோவைப் பார்த்துவிட்டுத்தான் அவளை நிரந்தரமாக்குவதா அனுப்புவதா என்று முடிவு என மாப்பிள்ளை என்னிடமே சொல்லிவிட்டான். கை மெதுவாம். அனுப்பிவிட்டால் மறுபடி ஓர் இடத்தில் நுழைய அவளுக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ. வீட்டில் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர், "என் தங்கச்சி கெட்டிக்காரி, உங்க ஆபீஸ்தான் சரியில்ல" என்றார். நல்லது நடந்தால் அவர் தங்கச்சி, கெட்டது நடந்தால் என் ஆபீஸ்.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் செய்தது சொட்டு மருந்து ஆப். கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் எந்த மருந்தை எப்போது விட வேண்டும் என்று சொல்லும். காலைக்கு ஒரு அட்டை, மதியத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. ஒவ்வோர் அட்டையிலும் மூன்று மருந்து, ஒன்றன் கீழ் ஒன்றாக. மூன்று அட்டையும் ஒரே உயரம், பார்க்க அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். அந்த உயரத்தை மாப்பிள்ளையே எண் போட்டுக் கட்டியிருந்தான்.

டெமோவுக்கு முந்தின நாள், நாத்தனார் போனில் காலை அட்டையின் அடியில் பட்டை வந்தது. காலை மருந்துகளுக்குத்தான் பெயர் நீளம், எழுத்து பெருத்து மூன்றாவது மருந்து அட்டைக்கு வெளியே வழிந்திருந்தது. அட்டையின் உயரத்தைக் கட்டாமல் விட்டுவிடலாம், உள்ளே இருப்பதற்கு ஏற்ப அதுவே வளரட்டும், அட்டைகள் இருக்கும் பக்கம் விரலால் தள்ளினால் எப்படியும் உருளும்தானே என்று அவள் சொன்னாள். செய்தும் காட்டினாள். அட்டைகள் ஒன்று குட்டை ஒன்று நெட்டையாக நிற்பதைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தான். டீ ஆறுவதற்குள் பட்டை மறைந்துவிட்டது.

என்ன செய்தான் என்று நாத்தனார் எட்டிப் பார்த்தாள். மூன்று மருந்தையும் உருளுகிற பெட்டி ஒன்றுக்குள் போட்டு, அந்தப் பெட்டி உருளாதபடி பூட்டிவிட்டிருந்தான். உருளுகிற பெட்டிக்குள் எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் இருக்கலாம், அதனால் பட்டை வராது. உருளாததால் அடியில் இருப்பது கண்ணுக்கும் வராது. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்றாவது மருந்தைக் காணோம். அட்டை மட்டும் பளபளவென்று இருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இதற்குப் பெயர் சரி செய்வதா, பூசி மெழுகுவதா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். குறையாகப் பதிவும் செய்தேன். எழுத்தை அவ்வளவு பெரிதாக வைப்பது யார், டெமோ முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று எழுதி மாப்பிள்ளை அதை ஒதுக்கிவிட்டான். நாத்தனார் என் கையைப் பிடித்து, விடுங்க அண்ணி என்றாள். அவள் முகத்தில் அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியின் கூட்ட அறை. நீள மேஜை, சுவரில் திரை, ஓரத்தில் கண் படம். தலைமை டாக்டர் அம்மா ஒருவர்தான் வந்திருந்தார். மாப்பிள்ளை தன் போனைத் திரையோடு சேர்த்து அழகாகக் காட்டினான். மூன்று அட்டையும் வரிசை கட்டி நின்றன. டாக்டர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, போனைக் கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கி, செட்டிங்கில் போய் எழுத்தைக் கடைசி வரைக்கும் பெரிதாக்கினார். கண் மங்கலாக இருக்கிறவர்கள்தான் இதைப் பார்ப்பார்கள், எங்கள் ஆட்கள் நோயாளியின் போனை வாங்கி முதலில் செய்து கொடுப்பதே இதுதான் என்றார். ஆப்பைத் திறந்து காலை அட்டையைப் பார்த்தார்.

"மூணு மருந்துன்னு சொன்னீங்க. ரெண்டுதானே இருக்கு?"

மாப்பிள்ளை எழுந்து போய்க் கீழே தள்ளிப் பார்த்தான். பக்கம் நகர்ந்தது, அட்டைக்குள் ஒன்றும் நகரவில்லை. பூட்டியது அவன்தானே. முகத்தில் ஈயாடவில்லை. சின்ன விஷயம்தான், நாளைக்கே சரி செய்துவிடுகிறோம் என்றான். டாக்டர் போனை மேஜையில் வைத்தார். மூன்று என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்டேன், தெரியாதவர் இரண்டை விட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார் என்றார். குரல் உயரவில்லை. ஆனால் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

போச்சு என்று நினைத்தேன். ஆப்பும் போச்சு, இவள் வேலையும் போச்சு, பழியைத் தூக்கி இவள் தலையில்தான் போடுவார்கள். வாயைத் திறந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. என் நாத்தனார் எழுந்து நின்று, ஐந்து நிமிஷம் கொடுங்கள் டாக்டர் என்றாள். லேப்டாப்பைத் திறந்து, தன் போனைக் கேபிளில் மாட்டி, திரையில் போட்டாள். அதே அட்டை, அதே இரண்டு மருந்து. அந்தப் பூட்டின பெட்டியை எடுத்துவிட்டுச் சேமித்தாள். அடுத்த நொடி, அட்டையின் அடியில் மஞ்சளும் கறுப்பும் பளிச்சென்று வந்து நின்றன. அடிப்பக்கம் ஐம்பத்தெட்டு பிக்ஸல் வழிகிறது என்று சிவப்பில் எழுத்து. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான். வாடிக்கையாளர் முன்னால் பட்டை காட்டுவது எங்கள் தொழிலில் சட்டையைக் கழற்றிக் காட்டுவதற்குச் சமம்.

டாக்டர் இது என்ன என்று கேட்டார்.

"இது எங்களுக்கு வர்ற எச்சரிக்கை டாக்டர். உள்ள இருக்கிறதுக்கு இந்தப் பெட்டி பத்தலைன்னு சொல்லுது. நாங்க செய்யும்போது மட்டும்தான் வரும், உங்க நோயாளி போன்ல வராது. அதனால இதை நாங்க மறைச்சுட்டா, மூணாவது மருந்து இல்லைன்னு சொல்றதுக்கு அப்புறம் யாருமே இல்ல."

யார் மறைத்தது என்று அவள் சொல்லவில்லை. 'நாங்க' என்றுதான் சொன்னாள். சொல்லிக்கொண்டே, கட்டியிருந்த உயரத்தை அழித்துச் சேமித்தாள். அட்டை தன்பாட்டுக்குக் கீழே நீண்டது. பட்டை போய்விட்டது. மூன்றாவது மருந்து தன் பெயரோடும் நேரத்தோடும் வந்து உட்கார்ந்தது. பக்கத்தை உருட்டினாள், மதிய அட்டையும் இரவு அட்டையும் ஒழுங்காகக் கீழே வந்தன. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. இருக்கட்டுமே.

டாக்டர் பையைத் தோளிலிருந்து இறக்கினார். இந்த அளவு எழுத்தில் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டார். இவள் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள். போன வருஷம் கண் பரிசோதனைக்குச் சொட்டு விட்டு உட்கார வைத்தார்களாம். பிள்ளைகள் ஸ்கூலிலிருந்து வந்த மெசேஜைப் படிக்க முடியாமல், எழுத்தைப் பெரிதாக்கியும் பாதி வெளியே போய், பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாளாம். இத்தனை வருஷ நாத்தனார், எனக்கே இது தெரியாது.

"மத்த எல்லா ஸ்கிரீனையும் இவங்கள வச்சு இப்படிப் பாத்துக் குடுங்க," என்றார் டாக்டர் மாப்பிள்ளையிடம். "அப்போ எங்க நோயாளிங்க கையில தைரியமா குடுப்பேன்."

எனக்கு எழுந்து நின்று விசில் அடிக்க வேண்டும் போல் இருந்தது. ஆஸ்பத்திரி என்பதால் அடிக்கவில்லை.

வெளியே வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தோம். மாப்பிள்ளை அங்கே நின்று, தன் போனை எடுத்து, எழுத்தின் அளவைக் கடைசி வரைக்கும் தள்ளினான். அவளிடம் நீட்டி, இப்படித்தானே என்று கேட்டான். அவள் ஆமாம் என்றாள். சோதனைக் காலம் இன்றோடு முடிந்தது, நாளையிலிருந்து ஸ்கிரீன் எதுவானாலும் நீங்கள் பார்த்த பிறகுதான் வெளியே போகும் என்றான். நல்லவன்தான், சட்டைதான் கொஞ்சம் விறைப்பு. அந்த வாரக் கூட்டத்தில் சுவர் முழுக்க மஞ்சளும் கறுப்புமாக இருந்தது, அத்தனையும் அவன் ஸ்கிரீன். டீ அவன்தான் வாங்கினான். வரிக்குதிரைக்குத்தான் முதல் கப்.

டெமோ அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். என் வீட்டுக்காரர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, மார்பைத் தட்டிக்கொண்டார். யாருடைய தங்கச்சி என்று ஆரம்பித்தார்.

"போதும் நிறுத்துங்க," என்றேன். "இன்னைலேருந்து அவ உங்க தங்கச்சி இல்ல. என் நாத்தனார்."