நித்தியானந்தனின் நடைமுறைக் கணக்கு

லண்டன் வெம்பிளிச் சொல்லாக்கக் குழுவின் தலைவர் நித்தியானந்தன், ஒரு பக்க வங்கிப் படிவத்துக்குத் தமிழ் எழுத ஒரு கோடைகாலம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். படிவம் சின்னது, கூட்டங்கள் பெரியவை. ‘ஓவர்ட்ராப்ட்’ என்பது மேலதிகப் பற்றா, மிகைப்பற்றா என்ற வாக்குவாதத்தில் செயலாளர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். மழை என்பதால் குடையெடுக்கத் திரும்பி வந்தார். கடைசியில் அந்தத் தமிழ்ச் சொற்பட்டியல், புதிதாய் வந்திறங்கும் தொழிலாளருக்கென்று மஞ்சள் அட்டையில் அச்சாகி வெளிவந்தது.

முதல் வாசகி துசியந்தி. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியிலிருந்து முதியோர் இல்ல வேலைக்கு வந்தவள். நாளைக்குள் வங்கிக் கணக்கு இலக்கம் தராவிட்டால் இந்த மாதச் சம்பளம் அடுத்த மாதத்தோடுதான் என்று மனேஜர் சொல்லியிருந்தாள். வாடகை அறையின் சொந்தக்காரர் அதுவரை பொறுக்கிற ஆளில்லை.

“பயப்படாதையும் தங்கச்சி. அட்டை இருக்கு. நானும் கூட வாறன்,” என்றார் நித்தியானந்தன். தன் சொற்கள் ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதை அவர் நேரில் பார்க்க விரும்பினார்.

வங்கி நாற்காலியில் இருவரும் படிவத்தையும் அட்டையையும் மடியில் விரித்தார்கள்.

“வரி வதிவிடம் எண்டா என்னண்ணை?”

“எந்த நாட்டிலை வரி கட்டுறீர் எண்டு கேக்கினம். இங்கைதானே இருந்து உழைக்கப்போறீர்? ஐக்கிய இராச்சியம் எண்டு போடும்.”

“அப்ப அட்டையிலையும் அப்பிடியே எழுதியிருக்கலாமே?”

அந்தக் கேள்வி தலைவரின் காதில் விழவில்லை.

“மேலதிகப் பற்று?”

“கணக்கிலை காசு முடிஞ்சாப் பிறகும் எடுக்க விடுறது. பிறகு வட்டியோடை கட்டவேணும்.”

“ஐயோ, வேண்டாம்!”

அடுத்தது கணக்கு வகை. கரண்ட் அக்கவுண்ட் என்பதற்கு ‘நடைமுறைக் கணக்கு’, சேவிங்ஸுக்கு ‘சேமிப்புக் கணக்கு’ என்றிருந்தது அட்டையில். அகராதிப்படி இரண்டிலும் பிழையில்லை.

“நடைமுறைக் கணக்கு எனக்கேன் அண்ணை? ஊரிலை கடை முதலாளிமார்தானே செக் புத்தகத்துக்காக அதைத் திறக்கிறவை. என்ரை சம்பளம் சேமிப்புக்குத்தான் வந்தது.”

“அதேதான்! தமிழிலை வாசிச்சா எவ்வளவு கெதியா விளங்குது பாரும்!”

சேமிப்புக்கு நேரே புள்ளடி விழுந்தது.

மேசைக்கு அப்பால் இருந்த வங்கி ஊழியர் விதுஷா லண்டனில் பிறந்தவள். கடவுச்சீட்டு, விசா விபரம், வேலையிடத்துக் கடிதம் எல்லாம் பார்த்துவிட்டுப் படிவத்தில் விரலை வைத்தாள்.

“அக்கா, உங்கட சம்பளம் இதுக்கா வரப்போகுது?”

“ஓம்.”

“வராது அக்கா. எங்கட சேவிங்ஸுக்கு உங்கட இன்னொரு அக்கவுண்டில இருந்துதான் காசு போடலாம். வேலையிடம் நேர அனுப்ப ஏலாது. கரண்ட் அக்கவுண்ட் வேணும்.”

துசியந்தியின் முகம் வாடிவிட்டது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, நடைமுறைக் கணக்கெண்டது வணிகருக்குரியது. நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசம். என்ரை சம்பளம் இண்டைக்கும் சேமிப்புக்குத்தான் போகுது.”

“ஷுவரா அங்கிள்?”

ஷுவர்தான். ஆனால் வீட்டில் காசு விவகாரம் முழுவதும் மனைவி சிவமலரின் கையில். தன் நிச்சயத்தை ஊரறியச் செய்ய, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“சிவமலர், என்ரை சம்பளம் எந்தக் கணக்குக்கு வருது?”

“கரண்ட் அக்கவுண்டுக்கு. பின்னை? ஏன், வேலையாலை நிப்பாட்டிப் போட்டாங்களே?”

“இல்லையில்லை, சும்மா...”

“அதுக்குத்தான் வருது, அதிலையிருந்துதான் காஸ் பில், கவுன்சில் டாக்ஸ் எல்லாம் போகுது. சேமிப்பிலை இருந்ததைத்தான் நீங்கள் அட்டை அடிச்சு முடிச்சிட்டியளே!”

வரிசையில் நின்ற ஒரு தமிழ்க் கிழவர் சத்தமாகவே சிரித்தார். நித்தியானந்தன் ஸ்பீக்கரை நிறுத்தப் பொத்தானைத் தேடி, பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டினார்.

“வரேக்கை பால் வாங்கியாங்கோ!” என்றது போன், வங்கி முழுவதற்கும்.

விதுஷா உதட்டைக் கடித்தபடி புதுப் படிவம் நீட்டினாள். இம்முறை துசியந்தியே நிரப்பினாள். தலைவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, செயலாளர் பக்கத்தில் இல்லையென்ற துணிவில் பேனையை எடுத்து, நடைமுறைக் கணக்குக்குக் கீழே எழுதினார்: ‘இங்கே சம்பளம் வருவதும் பில் போவதும் இதில்தான்.’

அலுவல் முடிந்து விதுஷா கணக்கு இலக்கத்தையும் வங்கிக் குறியீட்டையும் அச்சடித்துக் கொடுத்தாள். துசியந்தி நின்ற நிலையிலேயே படமெடுத்து மனேஜருக்கு அனுப்பினாள். இருவரும் வாசலுக்கு வந்தார்கள். போன் கிணுங்கியது.

“இந்த மாதமே போடுறாவாம் அண்ணை!”

“பாத்தீரே, எங்கடை அட்டையின்ரை...”

“ஓமண்ணை. நீங்கள் பேனையாலை எழுதினது நல்லா விளங்குது.”

நித்தியானந்தனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“காருக்கை இன்னும் ரெண்டு பெட்டி அட்டை கிடக்குது,” என்றார்.

“எடுங்கோ,” என்றாள் துசியந்தி. “எனக்குப் பின்னேரம்தான் ஷிப்ட். எல்லாத்திலையும் அந்த வரியை எழுதித் தாறன்.”