எல்லைக்கு மேலே பெய்த மழை

வேலுச்சாமியின் ஏலத்தோட்டம் போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே, சரிவில் இருந்தது. 1951 முதல் மூன்று வருடம் விளைச்சல் இல்லை. பராமரிக்கவில்லை என்று அரசுக் குத்தகையை ரத்து செய்யப் பார்த்தார்கள். விசாரணை வியாழக்கிழமை. வேளாண் ஆராய்ச்சி உதவியாளன் என்ற முறையில் நான் கருத்துச் சொல்ல வேண்டும்: காரணம் பராமரிப்பா, மழையா?

வானிலை அலுவலகத்துக்கு எழுதினேன். நாடு முழுவதற்கும் கேட்டால் படியெடுக்கவே மாதங்கள் ஆகும். அதனால் சுருக்கினேன்: "மதுரை மாவட்டம், போடி மலை. 1951 முதல் 1953 வரை மட்டும். மாதவாரியாக."

செவ்வாயன்று பதில் வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. ஆனி, ஆடியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, மூன்று வருடமும் அப்படியே. வழக்கமாக அந்த மாதங்களில் சரிவில் பெய்யும் மழையில் விறகே பற்றாது. இது கீழே போடி ஊரின் கணக்கு.

தவறு என்னுடையது. போடிக்காரர்களுக்கு மேலே தெரிவதெல்லாம் போடி மலைதான்; நானும் அப்படியே எழுதிவிட்டேன். தோட்டத்துக்குப் பக்கத்து மழைமானியோ எல்லைக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டில்; அதன் கணக்கு திருவிதாங்கூர்-கொச்சிப் பதிவேட்டில் இருந்தது.

தபாலுக்கு நேரமில்லை. பதிலுக்கும் பணம் கட்டி அதே அலுவலகத்துக்குத் தந்தி கொடுத்தேன். எல்லைக்கு மேலுள்ள அந்த எஸ்டேட்டின் பெயர், மாநிலத்தின் பெயர், ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதே மூன்று வருடம்.

வேலுச்சாமி தபால் நிலைய வாசலிலேயே நின்றார்.

"மழ பேயலேன்னு நான் சொன்னா பத்தாதா தம்பி? அதுக்கும் தந்தியா?"

"எழுத்துல வேணும்ணே."

"பேயாத மழையும் கச்சேரிக்கு வந்து சாட்சி சொல்லணுமாக்கும்." சிரிக்கப் பார்த்தார். பிறகு கேட்டார்: "வெரசா வந்துருமா?"

தெரியாது என்றேன். வீட்டுக்குப் போனேன். போன ஆவணியில் மனைவி வீரலட்சுமி இறந்ததிலிருந்து அடுப்புப் பற்ற வைப்பதில்லை. பொரிகடலை தின்றேன். தூக்கம் வரவில்லை.

வியாழன் காலையும் தந்தி இல்லை. விசாரணை அதிகாரி காசிராஜன் கோப்பை மூடப் போகும்போது தபால்காரர் வந்தார். தந்தியைப் பிரித்தேன். 51-இல் மழை வழக்கத்தில் பாதி. 52-இல் அதற்கும் குறைவு. 53-இல் முழு மழை.

காசிராஜன் வாங்கிப் படித்தார். "அம்பத்திமூணுல நல்லாப் பேஞ்சிருக்கே?"

வேலுச்சாமி என்னைப் பார்த்தார். அந்த வருடத்தைக் கேட்காமல் விட்டிருக்கலாம் என்று அந்தப் பார்வை சொன்னது.

"முந்தின வருசம் கிளம்புன தண்டோட அடியிலதான் ஏலம் பூச்சரம் விடும் சார்," என்றேன். "அம்பத்திரண்டுல தண்டே கிளம்பல. மழை வந்தப்போ காய்க்க ஒண்ணும் இல்ல. அந்த மழைக்குப் பலன் அடுத்த வருசத்துலதான் தெரியும்."

"போன வருசம் காய்ச்சுதா?"

"கொஞ்சம்ங்க," என்றார் வேலுச்சாமி. "தூரு பாதி செத்துப்போச்சு. புதுசா நட்டிருக்கேன், அது காய்க்க மூணு வருசம் ஆகும்."

காசிராஜன் பேனாவை எடுத்தார். பிறகு ரத்து என்பதை அடித்துவிட்டு, ஓராண்டு நீட்டிப்பு என்று எழுதினார்.

வெளியே வந்தோம். மலைமேல் மேகம் இல்லை.

"ஒரு வருசந்தானா தம்பி?"

"ஆமாண்ணே."

அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.